ஜாமீன் உத்தரவு கையில், ஆள் சிறையில்: காவிரிப் படுகை நீதிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகை மாவட்டங்களின் முதன்மை அமர்வு நீதிபதிகளுக்கும் குற்றவியல் நடுவர்களுக்கும்,

அண்மையில் இந்தப் பகுதியின் நடுவர் நீதிமன்றம் ஒன்றில், அலுவலக வாசலில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஜாமீன்தாரர் இருவர் வர வேண்டும். இருவரும் அதே வட்டத்தில் குடியிருக்க வேண்டும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். இருவரும் தங்கள் பெயரில் உள்ள பட்டாவையோ நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீதையோ அசலாகக் கொண்டுவர வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. சான்றும் வேண்டும். இவ்வளவு கேட்ட அந்தத் தாளில், பிணையில் விடக்கூடிய குற்றம், பிணையில் விட முடியாத குற்றம் என்ற பிரிவு மட்டும் எங்குமே இல்லை. இரண்டுக்கும் ஒரே சட்டி, ஒரே அகப்பை.

அந்தத் தாள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பல நீதிமன்றங்களில் வாய்மொழியாக நடப்பதை எழுதி ஒட்டியது, அவ்வளவுதான். எழுத்தில் வந்துவிட்டதால் நாங்களும் எழுத்திலேயே மறுக்கிறோம். இதில் கையெழுத்திடும் நாங்கள் படுகை மாவட்டங்களின் கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்துபவர்கள்.

பேச்சு வெறும் சட்டப் பிரிவுகளாகப் போய்விடாமலிருக்க ஒரு வழக்கை முன்வைக்கிறோம். எங்கள் கைகளில் வந்துபோன பல வழக்குகளின் விவரங்களை ஒன்றாகக் கோத்தது இது; எந்த ஒரு தனி மனிதரின் கதையும் அல்ல.

மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறைப்பாசனம் வைத்திருக்கும் நாட்கள். தலைமடைக்காரர் தம் முறை முடிந்தும் மதகை இறக்கவில்லை. கடைமடைக்காரர் இரவில் டார்ச் விளக்கோடு வாய்க்கால் கரையில் ஏறி வருகிறார். மதகைக் கவனிக்கும் பாசன ஊழியரான லஸ்கர் அங்கே இல்லை. வாக்குவாதம் முற்றித் தலைமடைக்காரர் தள்ளிவிடுகிறார். கடைமடைக்காரர் மதகின் கான்கிரீட் திட்டில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிகிறது. எழுந்தவர் கையிலிருந்த மண்வெட்டியின் காம்பால் எதிராளியின் தோளில் ஓங்கி ஒரு போடு போடுகிறார். தோல் கிழிந்து நான்கு தையல். இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். மறுநாள் இருவர் மீதும் எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. எங்கள் வட்டாரத்தில் இதைக் 'கேஸ், கவுண்டர் கேஸ்' என்போம்.

எலும்பை முறித்தவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 117(2). எலும்பு முறிவு கொடுங்காயம், தண்டனை 7 ஆண்டு வரை. ஆனால் அது பிணையில் விடக்கூடிய குற்றம். தோலைக் கிழித்தவர் மீது 118(1), அதாவது ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தல். தண்டனை 3 ஆண்டு வரைதான். ஆனால் அது பிணையில் விட முடியாத குற்றம். பெரிய காயத்தை ஏற்படுத்தியவர் அன்று மாலையே ஸ்டேஷன் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விடுகிறார். சின்னக் காயத்தை ஏற்படுத்தியவர், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கிளைச் சிறைக்குப் போகிறார்.

எங்களைத் தேடி வரும் குடும்பங்கள் எதிராளி காசு கொடுத்துவிட்டார் என்றே நினைக்கின்றன. அப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் இந்த உதாரணத்தில் காசுக்கு வேலை இல்லை. ஒரு குற்றம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இன்ஸ்பெக்டரும் முடிவு செய்வதில்லை, நீதிபதியும் முடிவு செய்வதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே அது எழுதப்பட்டிருக்கிறது. வேறு சட்டங்களின் குற்றங்களுக்கு, அந்தச் சட்டம் தனியாக எதுவும் சொல்லாதபோது, அதே அட்டவணையின் இரண்டாம் பகுதி பொருந்தும்: 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால் விடக்கூடியது, 3 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் விட முடியாதது. நியாய சன்ஹிதாவின் குற்றங்களுக்கு அப்படி ஆண்டுக் கணக்கு கிடையாது. வரிக்கு வரி பார்க்க வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் 106(1)க்கு 5 ஆண்டு வரை தண்டனை உண்டு, ஆனாலும் அது விடக்கூடியது. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டுதான், அது விட முடியாதது. ஆகவே எந்த எண்ணை எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 118(1)க்குப் பதிலாக அதே காயத்துக்கு 115(2) எழுதியிருந்தால், அது பிணையில் விடக்கூடியது மட்டுமல்ல, நீதிமன்ற அனுமதி இல்லாமல் காவல் துறை விசாரிக்கவே முடியாத குற்றமாகிவிடும்.

எனவே முதல் கேள்வி ரிமாண்டுக்குக் கொண்டுவரும் நேரத்திலேயே எழ வேண்டும்: எழுதப்பட்ட பிரிவு காயத்துக்கும் ஆயுதத்துக்கும் பொருந்துகிறதா? 118(1)க்கு, குத்தும், வெட்டும் கருவியாகவோ, ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் நேரக்கூடிய கருவியாகவோ இருக்க வேண்டும். மண்வெட்டியின் இலைப்பகுதி அதற்குள் வந்துவிடும். காம்புப் பக்கத்தால் தோளில் அடித்தது வருமா என்பது வாதத்துக்கு உரியது. காயச் சான்றிதழ் வருவதற்கு முன்பே 'ஆயுதம்' என்று எழுதி ரிமாண்ட் கேட்கிறார்கள். காயம் தலையில் என்றால் இன்னொரு படி மேலே போய்க் கொலை முயற்சி 109 எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிரிவில் காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை வாய்ப்பு உண்டு என்பதால், நடுவரின் கை கட்டப்பட்டு மனு அமர்வு நீதிமன்றத்துக்குப் போக நேர்கிறது. ஒரு பிரிவின் எண் மாறியதில் ஒரு மனிதருக்கு இரண்டு வாரம் போய்விடும்.

அதோடு, 118(1) பிணையில் விட முடியாத குற்றம் என்பதற்காகக் கைது செய்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதுக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், தேவையில்லை என்றால் ஆஜராகும்படி அறிவிப்பு கொடுத்தால் போதும் என்பது அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இன்று அது சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு. கைது செய்பவர் கொண்டுவரும் காரணப் பட்டியலைப் படித்துப் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே ரிமாண்ட் செய்ய வேண்டும் என்பது நடுவருக்கு இடப்பட்ட கட்டளை. எங்களுக்குக் கிடைக்கும் நகல்களில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் அச்சடித்த படிவம். 'தலைமறைவாகிவிடுவார்', 'சாட்சிகளைக் கலைப்பார்' என்ற இரண்டு வரிகளுக்கு எதிரே ஒரு டிக். மணிக்கட்டு ஒடிந்து, நட்ட நாற்றுக்குத் தண்ணீர் இல்லாமல் நிற்பவர் எங்கே தலைமறைவாவார் என்று படிவம் சொல்வதில்லை.

இனி ஜாமீன் மனு. 'பிணையில் விட முடியாத' என்ற தமிழ்ச் சொல் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறோம். விடவே முடியாது என்று அதற்குப் பொருள் இல்லை. கேட்ட மாத்திரத்தில் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் எடைபோட்டு முடிவு செய்யும் என்பதே பொருள். விடக்கூடிய குற்றத்தில் 478ஆம் பிரிவின்படி எடைபோடும் வேலையே இல்லை. கேட்டால் கொடுத்தாக வேண்டும். அது மறுக்க முடியாத உரிமை என்று 2009இல் ரசிக்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விட முடியாத குற்றத்தில் நடுவருக்கு 480, அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் 483.

எடைபோட வேண்டியவை எவை என்று 2010இல் பிரசாந்த குமார் சர்க்கார் வழக்கில் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். குற்றம் செய்தார் என்று நம்ப முதல் பார்வையில் காரணம் உண்டா, குற்றத்தின் தன்மை என்ன, தண்டனை எவ்வளவு, ஓடிவிடுவாரா, அவருடைய நடத்தையும் சமூக நிலையும் என்ன, மறுபடி செய்வாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, நீதி தடம் புரளுமா. எங்கள் கடைமடைக்காரரை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். அடித்தார் என்பதற்கு முதல் பார்வையில் ஆதாரம் இருக்கிறது; அதை மறுத்துப் பயனில்லை, மறுக்கவும் வேண்டாம். ஆனால் எதிர் வழக்கில் அவரே எலும்பு முறிந்தவர். கைகலப்பை யார் தொடங்கினார் என்பது விசாரணையில்தான் தெரியும். காயம்பட்டவர் தையல் போட்டு வீடு திரும்பிவிட்டார். முன்வழக்கு இல்லை. மண்வெட்டியைக் கைப்பற்றி மகஜரும் எழுதிவிட்டார்கள், இனி அவரை உள்ளே வைத்து மீட்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. கலைக்கக்கூடிய சாட்சி என்று பார்த்தால் எதிராளியும் அவர் வீட்டாரும்தான். அவர்கள் இவருக்கு அஞ்சுகிற நிலையில் இல்லை, நிலவரம் நேர்மாறானது.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. காயச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து வெளியேற்றிய குறிப்பு, கைப்பற்றுதல் மகஜர், எதிர் வழக்கின் எஃப்.ஐ.ஆர். நகல். மனுவோடு இவற்றை இணைக்காமல் 'மனுதாரர் நிரபராதி, பொய் வழக்கு' என்று மட்டும் எழுதித் தாக்கல் செய்யும் வழக்கறிஞர்கள் எங்களிலும் உண்டு. அந்தப் பழியை நாங்கள் ஏற்கிறோம். காவல் துறையின் ஆட்சேபணையும் அப்படியேதான் வருகிறது: 'புலன்விசாரணை ஆரம்ப நிலையில் உள்ளது, விட்டால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்.' மனுவில் விவரம் இல்லாமல், ஆட்சேபணையிலும் விவரம் இல்லாமல் இருந்தால் நீதிமன்றம் எதை எடைபோடும்? 'இன்னும் சில நாள் போகட்டும்' என்று ஒத்திப்போடுவதுதான் நடக்கிறது.

ஆனாலும் எங்கள் மனக்குறை அந்த இடத்தைப் பற்றியது அல்ல. இந்த வகை வழக்கில் பெரும்பாலும் ஜாமீன் கொடுத்துவிடுகிறீர்கள். எங்கள் மாதிரி வழக்கில் கைதான ஆறாம் நாள் உத்தரவு வருகிறது: 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. குடும்பம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வருகிறது. அவர் வெளியே வருவதோ இருபத்தொன்றாம் நாள். நடுவில் போன 15 நாள் எங்கே போனது என்பதைத்தான் தாங்கள் பார்க்க வேண்டும்.

ஏழாம் நாள் அவருடைய அண்ணனும் மைத்துனரும் வருகிறார்கள். அண்ணன் ஐம்பது ஆண்டாக அதே தெருவில் இருப்பவர். வீடு கோயில் மனையில், அடிமனை வாடகை கட்டிய ரசீது கையில் இருக்கிறது. பட்டா சுவாமி பெயரில். வயல் ஆதீனத்து நிலம், குத்தகை அப்பா பெயரில். வீட்டு வரி ரசீதில் இறந்துபோன தாத்தாவின் பெயர். 'சொந்தப் பெயரில் இல்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். மைத்துனரிடம் சொந்தப் பெயரில் வரி ரசீது இருக்கிறது, ஆனால் அவர் ஊர் பக்கத்து வட்டம். அதுவும் திரும்புகிறது. பிறகு சனி, ஞாயிறு. அடுத்த வாரம் தாத்தா பெயரிலிருந்து வரியை மாற்ற ஊராட்சி அலுவலகம், வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகம், வி.ஏ.ஓ. இன்னொரு ஊருக்குப் பொறுப்பாகப் போயிருக்கிறார். கடைசியில் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒருவர் ரசீது இருக்கும் இரண்டு பேரைக் கூட்டி வருகிறார். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த இருவரும் கைதானவரின் முகத்தைப் பார்த்ததுகூட இல்லை. ஜாமீன் ஏற்கப்படுகிறது.

இது என்ன காவிரிப் படுகையின் தலையெழுத்தா என்றால், ஒரு வகையில் ஆம். நஞ்சை நிலத்தில் கணிசமான பங்கு கோயில், மடம், அறக்கட்டளை பெயர்களில் இருக்கும் பகுதி இது. உழுகிறவர் பெயரில் நிலம் இல்லாததே இங்கு வழக்கம்; அதனால்தான் 1969இல் குத்தகை உரிமைப் பதிவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஊரை விட்டு நகராதவர்களிடம் சொந்தப் பட்டா இருக்காது, வந்து குடியேறிய வசதிக்காரரிடம் இருக்கும். 'ஓடிவிடுவாரா' என்ற கேள்விக்குப் பட்டாவைப் பதிலாக வைத்தால், ஓடவே மாட்டாதவரை உள்ளே வைக்கவும் ஓடக்கூடியவரை வெளியே விடவும் அது உதவும்.

சட்டம் பட்டா கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 484ஆம் பிரிவு, பத்திரத் தொகை வழக்கின் சூழ்நிலையைக் கருதி நிர்ணயிக்கப்பட வேண்டும், மிகையாக இருக்கக் கூடாது என்கிறது. 485(4), ஜாமீன்தாரர் தகுதியானவரா என்று பார்க்க நீதிமன்றம் பிரமாண வாக்குமூலத்தை ஏற்கலாம், தேவைப்பட்டால் விசாரிக்கலாம் என்கிறது. 486, தான் இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று ஜாமீன்தாரர் அறிவிக்க வேண்டும் என்கிறது. பட்டா, வரி ரசீது, ரத்த உறவு, அதே வட்டம் என்ற சொற்கள் இந்தப் பிரிவுகளில் எங்கும் இல்லை. இல்லாததைக் கேட்கிற அலுவலகங்கள், இருக்கிற 486ஐ ஒழுங்காகக் கேட்பதில்லை. கேட்டால் டீக்கடை ஜாமீன்தாரர்கள் ஒரே மாதத்தில் சிக்கிவிடுவார்கள். ரசீது நகல்கள் எல்லாம் தங்கள் கோப்புகளிலேயே இருக்கின்றன. ஒரே ரசீது எத்தனை வழக்கில் வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு பிற்பகல் போதும்.

ஜாமீன்தாரர் எதற்கு என்பதையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். வாய்தாவுக்கு ஆள் வராவிட்டால் 491இன்படி பத்திரத் தொகை அவரிடம் வசூலாகும். அந்தப் பயத்தில் அவர் ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார் என்பதே கணக்கு. கூலி வாங்கிக்கொண்டு போன முகம் தெரியாதவருக்கு அந்த ஆளின் வீடு எங்கே என்றே தெரியாது. ஒரே தெருவில் இருக்கும் அண்ணன் தினமும் அவன் வீட்டு வாசலைக் கடந்துதான் வயலுக்குப் போகிறார். இருவரில் யார் கொண்டுவந்து நிறுத்துவார்?

உச்ச நீதிமன்றம் இதை நேற்றுச் சொல்லவில்லை. 1978இல் மோத்தி ராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் ஏற்க முடியாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. நீதிபதி கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் அவரை விடச் சொன்னார். தொலைதூர ஊரில் பிடிபடும் ஒரு தமிழரோ மலையாளியோ அங்கே சொத்துள்ள ஜாமீனுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டார். அடுத்த ஆண்டு ஹுசைனாரா கத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி, ஒருவருக்கு ஊரில் வேர் இருக்கிறதா என்று பார்க்க வழி சொன்னார்: எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார், என்ன வேலை, குடும்பம் எங்கே, முன்வழக்கு உண்டா, அவருக்காகச் சொல்லக்கூடிய ஊர்க்காரர் யார். வேர் இருந்தால் சொந்தப் பத்திரம் போதும்.

அறுவடைக் காலத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறோம். தை, மாசியில் வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் வருகின்றன. ஒரு விடியற்காலையில் சாலையைக் கடக்கும்போது விபத்து, ஒருவர் இறந்துவிடுகிறார். ஓட்டுநர் மீது 106(1). மேலே சொன்னபடி அது பிணையில் விடக்கூடியது. காவல் நிலையத்திலேயே விட வேண்டியது, விடுவோம் என்று கைதின்போதே சொல்ல வேண்டியது. 47(2) அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் ஊர்க்காரர் கூட்டம் கூடியிருக்கிறது, உள்ளூர் ஜாமீன் இல்லை, எனவே ரிமாண்ட். நீதிமன்றத்திலும் உள்ளூர் ஜாமீன் கேட்கிறார்கள். உரிமையாக இருந்த ஜாமீன், ஆள் வெளியூர் என்பதாலேயே உரிமை இல்லாமல் போகிறது.

இங்கே 478இன் விளக்கத்தை நிறையப் பேர் தலைகீழாகப் படிக்கிறார்கள். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழை என்று கருதப் போதுமான காரணம் இருக்கிறது என்று அது சொல்கிறது. ஏழையாக இருந்து ஜாமீன்தாரர் கிடைக்காதவரைச் சொந்தப் பத்திரத்தில் விட்டே ஆக வேண்டும், அதில் விருப்பத்துக்கு இடமில்லை. அந்த ஒரு வாரம் கடைசி வரம்பு. அதற்கு முன் விடக் கூடாது என்று பொருள் இல்லை. முதல் நாளே ஏழ்மை தெரிந்தால் முதல் நாளே விடலாம். நடைமுறையிலோ ஒரு வாரம் கட்டாயத் தண்டனை போல ஆகிவிட்டது. எட்டாம் நாள் தானாக எவரும் கோப்பை எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

2023 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பவர்களுக்காகவே ஏழு வழிகாட்டுதல்களைத் தந்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் வெளியே போகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலர் ஆளனுப்பிக் கைதியின் குடும்ப, பொருளாதார நிலையை அறிக்கையாகப் பெற்று, நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி நீதிமன்றத்தில் வைக்கலாம். வெளியே வந்தால் ஜாமீன் கொடுத்துவிடுவேன் என்று கைதி சொன்னால் தற்காலிக ஜாமீனைப் பரிசீலிக்கலாம். ஒரு மாதம் ஆகியும் பத்திரம் வரவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே கோப்பை எடுத்துப் பார்க்கலாம். தாமதத்துக்கு ஒரு காரணம் உள்ளூர் ஜாமீன் கேட்பது, அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அதே உத்தரவில் சொல்லியிருக்கிறது. வாசலில் ஒட்டிய தாளும் இந்த உத்தரவும் ஒரே கட்டடத்தில் எப்படி இருக்கின்றன என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

தங்கள் தரப்பு நியாயம் தெரியாமல் எழுதவில்லை. ஜாமீனில் போனவர் வராமல் போய், பிடிவாரண்டு ஆண்டுக்கணக்கில் தூங்கி, நிலுவைப் பட்டியலில் தங்கள் பெயரோடு நிற்கும் வழக்குகள் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் உண்டு. போலி ரசீதோடு வரும் ஜாமீன்தாரர்களும் உண்டு. ஆனால் அந்த ஏமாற்று வேலை சொந்தப் பெயரில் ரசீது கேட்பதால்தான் பிழைக்கிறது. கேட்பது நின்றால் வாடகை ஜாமீனுக்குச் சந்தை இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

அந்தத் தாளை அகற்ற வேண்டும். அதோடு, ஜாமீன்தாரரின் தகுதிக்கு 485(4)இன்படி பிரமாண வாக்குமூலமும் அடையாள அட்டையும் போதும் என்று ஒவ்வொரு நீதிமன்ற அலுவலகத்துக்கும் முதன்மை அமர்வு நீதிபதிகள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சந்தேகம் வரும் வழக்கில் விசாரியுங்கள், எல்லா வழக்கிலும் சந்தேகப்பட வேண்டாம். அடிமனை வாடகை ரசீது, குத்தகைச் சீட்டு, குத்தகைப் பதிவேட்டின் நகல், குடும்ப அட்டை, நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றை ஊரில் வேர் இருப்பதற்கான சான்றாக ஏற்க வேண்டும். எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று கேட்பதை நிறுத்த வேண்டும்.

பிணையில் விடக்கூடிய குற்றத்தில் ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது, காவல் நிலையத்தில் ஏன் விடவில்லை என்பதை உத்தரவில் பதிய வேண்டும். ஜாமீன்தாரர் இல்லை என்பது பதிலாக வந்தால், 478இன்படி அவர் ஏழையா என்று அங்கேயே கேட்டு, ஆம் என்றால் சொந்தப் பத்திரத்தில் அன்றே அனுப்ப வேண்டும். இந்தக் குற்றங்களில் கையெழுத்து நிபந்தனை கூடாது.

விட முடியாத குற்றத்தில் ஆட்சேபணை தாக்கலாகும்போது, ஓடிவிடுவார், சாட்சியைக் கலைப்பார் என்ற சொற்களுக்கு இந்த வழக்கில் என்ன ஆதாரம் என்று கேட்டு, பதிலை உத்தரவில் எழுத வேண்டும். 'ஆரம்ப நிலை' என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் முறை ஒத்திவைக்க வேண்டாம். எங்கள் பக்கம் காயச் சான்றிதழும் எதிர் வழக்கின் நகலும் இல்லாமல் மனு வந்தால் அதையும் கண்டியுங்கள்; எங்கள் சகாக்களுக்கு அது உறைக்கும். கையெழுத்து நிபந்தனை தேவை என்று தோன்றினால் வாரம் ஒரு நாளும், விவசாயக் கூலிக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரமும் வையுங்கள். காலை 10.30க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடவுக்கோ களையெடுப்புக்கோ போக முடியாது. ஆறு மணிக்கு வயலில் இறங்காதவருக்கு அன்றைய கூலி இல்லை.

காவல் நீட்டிப்புக்காகக் காணொளியில் கைதியைப் பார்க்கும்போது, 'உனக்கு ஜாமீன் உத்தரவு ஆகியிருக்கிறதா, ஆகியும் ஏன் உள்ளே இருக்கிறாய்?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஜாமீன் ஆன தேதியையும் வெளியே போன தேதியையும் இரண்டு பத்தியாக ஒரே பதிவேட்டில் எழுதி, ஏழு நாளுக்கு மேல் இடைவெளி உள்ள பெயர்களை வாரந்தோறும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதியான தாங்களே என்பதால், இதற்கு வேறு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு மாதம் தாண்டிய பெயர்களுக்கு மனு வரும் வரை காத்திராமல் 484இன்கீழ் தொகையைக் குறைக்கும் அதிகாரத்தை அமர்வு நீதிமன்றம் பயன்படுத்த வேண்டும்.

ஒரே ஜாமீன்தாரர் அடுத்தடுத்த வழக்குகளில் வருவதைக் கண்டுபிடிக்க, 486இன் அறிவிப்பை எல்லா வழக்கிலும் எழுத்தில் வாங்கி, மாவட்டம் முழுவதற்கும் ஒரே அட்டவணையில் ஏற்ற வேண்டும். அதற்குத் தேவையான ஆள் உதவியைச் சட்டத் தன்னார்வலர்கள் வழியாக நாங்கள் ஏற்பாடு செய்து தருகிறோம்.

சம்பா நடவு தொடங்குவதற்கு முன் இவற்றில் எவை ஏற்கப்பட்டன, எவை ஏற்கப்படவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
காவிரிப் படுகை மாவட்டங்களின் கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்